கர்ப்-65 மதிப்பெண் பூஜ்யம்: இந்த நிமோனியா நோயாளியை வீட்டுக்கு அனுப்பலாமா?

38 வயதுடைய ஒருவர் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறார். அவருக்குச் சர்க்கரை நோய் இல்லை, புகைப்பழக்கமும் இல்லை. பத்து நாள்களுக்கு முன் இன்ஃபுளுயன்சா காய்ச்சல் வந்து, உடல்வலியும் தொண்டைவலியுமாக ஐந்து நாள் படுத்திருந்து, பிறகு எழுந்து வேலைக்கும் போயிருக்கிறார். நேற்று முன்தினம் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் திரும்ப வந்தது. இருமினால் இரத்தம் கலந்த சளி வருகிறது, மூச்சை இழுத்தால் வலது விலாப்பக்கம் குத்துகிறது. தெளிவாகப் பேசுகிறார்; தேதி, இடம், வந்த காரணம் எல்லாம் சரியாகச் சொல்கிறார். காய்ச்சல் 38.8 டிகிரி செல்சியஸ், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 118, இரத்த அழுத்தம் 106/66, மூச்சு எண்ணிக்கை 28, இரத்த யூரியா 38 மி.கி./டெ.லி. விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 88 சதவீதம் என்று காட்டுகிறது.

நிமோனியா பற்றி மருத்துவ மாணவர்களிடம் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றைச் சுற்றியே வரும். இந்த வகை நோயாளியிடம் எந்தக் கிருமி இருக்க வாய்ப்பு அதிகம், மார்பைப் பரிசோதிக்கும்போது என்ன தெரியும், தீவிரத்தை எப்படி அளந்து வீடா வார்டா என்று முடிவெடுப்பது. பாடப்புத்தகத்தில் இவை மூன்று தனித்தனி அட்டவணைகளாக இருப்பதால், தனித்தனியாகவே மனப்பாடம் செய்யப்படுகின்றன. மேலே சொன்ன நோயாளியிடம் அப்படிச் செய்தால் தவறு நேரும். மூன்றையும் ஒன்றோடொன்று உரசிப் பார்த்தால்தான் சரியான முடிவு கிடைக்கும்.

முதலில் மதிப்பெண்ணைப் போட்டுவிடுவோம். கர்ப்-65 என்பது லிம் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2003-இல் வெளியிட்ட அளவுகோல். அதில் ஐந்து கேள்விகள்தான் உண்டு; ஆம் என்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். புதிதாகக் குழப்பம் ஏற்பட்டிருக்கிறதா? இரத்த யூரியா லிட்டருக்கு 7 மில்லிமோலைத் தாண்டிவிட்டதா? மூச்சு நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேலா? இரத்த அழுத்தத்தின் மேல் எண் 90-க்குக் கீழோ, கீழ் எண் 60 அல்லது அதற்குக் கீழோ? வயது 65 அல்லது அதற்கு மேலா? மொத்தம் 0 அல்லது 1 வந்தால் வீட்டிலேயே சிகிச்சை பெறலாம் என்று எண்ணலாம். 2 வந்தால் மருத்துவமனையில் வைத்துப் பார்க்கலாம். 3 அல்லது அதற்கு மேல் வந்தால் அது தீவிர நிமோனியா, சேர்த்தே ஆக வேண்டும். முதல் ஆய்வில் முப்பது நாள்களுக்குள் நேர்ந்த இறப்பு இந்த மூன்று பிரிவுகளிலும் முறையே ஏறத்தாழ 1.5, 9, 22 சதவீதமாக இருந்தது.

யூரியா அலகில் பலர் தடுக்கி விழுகிறார்கள். 7 மில்லிமோல் என்பது யூரியாவாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 42 மி.கி./டெ.லி. சில ஆய்வகங்கள் யூரியாவில் உள்ள நைட்ரஜனை மட்டும் அளந்து அறிக்கை தருகின்றன. அங்கே அதே அளவு ஏறத்தாழ 20 மி.கி./டெ.லி. என்று இருக்கும். ஆகவே ‘22’ என்ற எண் யூரியா நைட்ரஜனாக இருந்தால் ஒரு மதிப்பெண், யூரியாவாக இருந்தால் மதிப்பெண்ணே இல்லை. அறிக்கையில் எதை அளந்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால், நலமாக இருப்பவர் நோயாளியாகவும் நோயாளி நலமானவராகவும் மாறிவிடுவார். இரத்தப் பரிசோதனை வசதி இல்லாத இடத்தில் யூரியாவை விட்டுவிட்டு மற்ற நான்கை மட்டும் எண்ணும் சிஆர்பி-65 என்ற வடிவம் பயன்படுகிறது; அதில் 0 என்றால் மட்டுமே வீடு, 1 அல்லது 2 என்றாலே மருத்துவமனையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

நம் நோயாளிக்குக் குழப்பம் இல்லை. யூரியா 38, வரம்புக்குக் கீழே. மூச்சு 28, வரம்புக்குக் கீழே. இரத்த அழுத்தம் இரண்டு எண்ணிலும் தப்பிவிட்டது. வயது 38. மொத்த மதிப்பெண் பூஜ்யம். இரண்டு எண்கள் வரம்பின் வாசலிலேயே நிற்கின்றன என்பதை இந்தப் பூஜ்யம் சொல்வதில்லை.

மைக்கேல் ஃபைன் குழுவினர் 1997-இல் வெளியிட்ட நிமோனியா தீவிரக் குறியீட்டை எடுத்துக்கொண்டால் நிலைமை இன்னும் வியப்பாக இருக்கும். இருபது விவரங்களைக் கூட்டி நோயாளிகளை ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கும் பெரிய அளவுகோல் அது. ஆனால் அதற்கு ஒரு முன்வாசல் உண்டு. வயது 50-க்கு மேல் இல்லை, புற்றுநோய், இதயச் செயலிழப்பு, பக்கவாதம், சிறுநீரக நோய், கல்லீரல் நோய் எதுவும் இல்லை, மனக்குழப்பம் இல்லை, நாடி 125-ஐ எட்டவில்லை, மூச்சு 30-ஐ எட்டவில்லை, மேல் இரத்த அழுத்தம் 90-க்குக் குறையவில்லை, காய்ச்சல் 40 டிகிரியைத் தொடவில்லை, உடல் வெப்பம் 35-க்குக் கீழே போகவுமில்லை என்றால், மேற்கொண்டு கணக்கே போடாமல் முதல் வகுப்பு என்று முடித்துவிடலாம். ஆக்சிஜன் அளவு இரண்டாம் கட்டத்தில்தான் கணக்கில் சேர்கிறது. எனவே 88 சதவீத ஆக்சிஜனோடு வந்த நம் நோயாளி இந்த அளவுகோலிலும் மிகக் குறைந்த ஆபத்துள்ள வகுப்பில் உட்கார்ந்துகொள்கிறார்.

இது அளவுகோலை உருவாக்கியவர்களின் கவனக்குறைவு அல்ல. இந்த மதிப்பெண்கள் பெரிய நோயாளிக் கூட்டத்தில் முப்பது நாள்களில் யார் இறக்கக்கூடும் என்பதைக் கணிக்கச் செய்யப்பட்டவை. இறப்பு வாய்ப்பும் மருத்துவமனைத் தேவையும் ஒன்றல்ல. உறுதியான இதயமும் சிறுநீரகமும் உள்ள இளைஞர், ஆக்சிஜன் கொடுத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடுவார். ஆனால் அந்த ஆக்சிஜன் வீட்டில் கிடைக்காது. வயதுக்கு மதிப்பெண் கொடுக்கும் எந்த அளவுகோலும் இளைஞர்களின் நோயைக் குறைத்தே காட்டும். அதனால் வந்த நாளில், சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போது ஆக்சிஜன் 92 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், கர்ப்-65 என்ன சொன்னாலும் நோயாளியை வீட்டுக்கு அனுப்பக்கூடாது. நீண்டகால நுரையீரல் அடைப்பு நோய் உள்ள சிலருக்கு வழக்கமான அளவே 88-க்கும் 92-க்கும் இடையில் இருக்கும். அவர்களிடம் பழைய அளவோடு ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

மூச்சு எண்ணிக்கையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இந்த அளவுகோலில் மிக எளிதாகப் பொய்யாகிப்போகும் எண் அதுதான். குறிப்பேடுகளில் பக்கம் பக்கமாக ‘20’ என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். எண்ணாமல் எழுதினால் அந்த எண்தான் வரும். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் ஒரு மூச்சுத் தவறினாலும் கணக்கில் நான்கு தவறும். வரம்புக்கு அருகில் இருப்பவரிடம் அதுவே மதிப்பெண்ணை மாற்றிவிடும். நாடியைப் பிடித்தபடி, நோயாளி அறியாமல், ஒரு முழு நிமிடம் மார்பு ஏறி இறங்குவதை எண்ணுவதுதான் சரி. நம் நோயாளிக்கு முதலில் எழுதப்பட்டதும் 20 தான். முழு நிமிடம் எண்ணியபோதுதான் 28 என்று தெரிந்தது.

அடுத்து மார்பு. சட்டையைக் கழற்றிவிட்டு நோயாளியை உட்கார வைத்துப் பின்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். நுரையீரலின் கீழ்மடல்கள் பெரும்பாலும் முதுகுப் பக்கத்தில்தான் இருக்கின்றன; முன்பக்கம் மட்டும் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் மேல்மடலையும், வலப்புறத்தில் நடுமடலையும் தவிர வேறெதையும் கேட்க முடியாது. நடுமடலின் ஒலி வலது மார்பின் முன்புறத்திலும் அக்குளுக்குக் கீழும் கேட்கும், முதுகில் கேட்காது. நிமோனியா தவறிப்போவதற்கு ஸ்டெதாஸ்கோப் காரணமாவதைவிட, அதை வைக்காமல் விட்ட இடமே பல நேரம் காரணமாகிறது.

நம் நோயாளிக்கு வலது முதுகின் கீழ்ப்பகுதி, மூச்சை இழுக்கும்போது இடப்பக்க அளவுக்கு விரியவில்லை. விரலால் தட்டிப் பார்த்தால் மந்தமான ஒலி. அங்கே ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் மூச்சொலி மென்மையாக இல்லாமல், தொண்டைக்குழிமேல் வைத்துக் கேட்பதுபோல் கரகரப்பாக, உள்மூச்சுக்கும் வெளிமூச்சுக்கும் நடுவே சிறு இடைவெளியோடு கேட்கிறது. மூச்சை இழுக்கையில் பொரிவொலி. நோயாளியை எண்களை வாய்விட்டுச் சொல்லச் சொன்னால் அந்த இடத்தில் குரல் உரக்கக் கேட்கிறது. கிசுகிசுத்தாலும் சொற்கள் தெளிவாகக் காதில் விழுகின்றன.

இவற்றுக்கெல்லாம் காரணம் ஒன்றே. நலமான நுரையீரலில் காற்று நிறைந்த கோடிக்கணக்கான நுண்பைகள் இருக்கின்றன. அவை பெரிய மூச்சுக்குழலில் பிறக்கும் உயர் ஒலிகளை வடிகட்டிவிடுகின்றன. அந்த நுண்பைகளில் நீரும் வெள்ளணுக்களும் நிறைந்து அப்பகுதி கட்டிதட்டிப்போனால், வடிகட்டி இல்லாமல் போய், குழலின் ஒலியும் பேச்சும் நேராக மார்புச் சுவருக்கு வந்துவிடுகின்றன. இதைப் புரிந்துகொண்டால் நுரையீரல் உறையில் நீர் சேர்ந்திருப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் இடையே நீர் நின்றால் ஒலி தாண்டி வர முடியாது. மூச்சொலியும் குரலொலியும் இரண்டுமே மங்கும், தட்டினால் கல்லைத் தட்டியதுபோல் இருக்கும். இரண்டிலும் தட்டொலி மந்தம்தான். குரல் கூடியிருந்தால் கட்டிதட்டல், குறைந்திருந்தால் நீர்.

மார்பில் ஒன்றும் கேட்கவில்லை என்பதால் நிமோனியா இல்லை என்று சொல்லிவிட முடியாது. மைக்கோபிளாஸ்மா தொற்றில் எக்ஸ்ரே மோசமாகவும் மார்பு ஏறத்தாழ நலமாகவும் இருப்பது வழக்கம். எச்ஐவி தொற்றால் நோயெதிர்ப்புக் குறைந்தவர்களுக்கு வரும் நியூமோசிஸ்டிஸ் நிமோனியாவில் மார்பு அமைதியாக இருக்கும். நோயாளியைச் சிறிது தூரம் நடக்கவிட்டு ஆக்சிமீட்டரைப் பார்த்தால் எண் சரிவது தெரியும். கீழ்மடல் நிமோனியா சிலரிடம் வயிற்றுவலியாக மட்டும் வந்து, குடல்வால் அழற்சி என்று எண்ண வைத்ததும் உண்டு.

இனி கிருமி. எந்த வயதுப் பெரியவராக இருந்தாலும், சமூகத்தில் தொற்றும் பாக்டீரியா நிமோனியாவுக்கு முதலில் நினைக்க வேண்டியது நிமோகாக்கஸ்தான். நோயாளி எந்தப் பிரிவைச் சேர்ந்தவர் என்பது அந்த முதலிடத்தைப் பெரும்பாலும் அழிப்பதில்லை. இரண்டாம் இடத்தில் யார் என்பதைத்தான் மாற்றுகிறது. விடுதியில் பலரோடு தங்கியிருக்கும் இளைஞருக்கு வாரக்கணக்கில் வறட்டு இருமல் என்றால் மைக்கோபிளாஸ்மா. புகைபிடித்து நுரையீரல் கெட்டவருக்கு ஹீமோஃபிலஸ். மது அருந்துபவருக்கும் கட்டுப்பாடில்லாத சர்க்கரை நோயாளிக்கும் கிளெப்சியெல்லா. பக்கவாதத்தால் விழுங்க முடியாதவருக்கு வாய்க் கிருமிகள், அதுவும் பெரும்பாலும் வலது கீழ்மடலில். குளிர்சாதனக் கோபுரம், வெந்நீர்க் குழாய் போன்றவற்றின் நீர்த்திவலையைச் சுவாசித்தவருக்கு வயிற்றுப்போக்கும் குழப்பமும் இரத்தத்தில் சோடியம் குறைவும் சேர்ந்திருந்தால் லீஜியனெல்லா. பச்சிளங்குழந்தையின் பட்டியல் முற்றிலும் வேறு. அங்கே பிறப்பின்போது தாயிடமிருந்து வரும் பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸும் ஈ. கோலையும் முன்னே நிற்கின்றன. சற்று வளர்ந்த, பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தைகளுக்கு வைரஸ்களே பெரும்பங்கு.

தேர்வில் இந்தத் துப்புகள் விடையைக் காட்டிக்கொடுக்கும். படுக்கையருகில் அவ்வளவு நேர்மையாக நடந்துகொள்வதில்லை. அமெரிக்க மருத்துவமனைகளில் நிமோனியாவுக்காகச் சேர்க்கப்பட்ட பெரியவர்களிடம் விரிவாகக் கிருமியைத் தேடி 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், 38 சதவீதத்தினரிடம் மட்டுமே ஏதாவதொரு கிருமி பிடிபட்டது. பிடிபட்டவற்றிலும் வைரஸ்களே பாக்டீரியாக்களைவிட அதிகம். ஆகவே துரு நிறச் சளி, சிவப்பு ஜெல்லி போன்ற சளி என்று படித்ததை வைத்து ஒரே கிருமியைக் குறிபார்த்து மருந்து கொடுப்பது துணிச்சலான செயலே தவிர நல்ல மருத்துவம் அல்ல. கிருமிப் பட்டியலின் உண்மையான பயன், வழக்கமான மருந்து எந்த நோயாளியிடம் தோற்கும் என்று முன்கூட்டியே எச்சரிப்பதில் இருக்கிறது. மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே இல்லாததால், செல்சுவரைத் தாக்கும் அமாக்சிசிலின் அதை ஒன்றும் செய்யாது.

நம் நோயாளியின் வரலாற்றில் அந்த எச்சரிக்கை முதல் வரியிலேயே இருக்கிறது. இன்ஃபுளுயன்சா வந்து, குணமாகத் தொடங்கி, சில நாள் கழித்துக் காய்ச்சல் திரும்பியிருக்கிறது. அந்த வைரஸ் மூச்சுக்குழலின் உட்சுவரில் அழுக்கை மேலே தள்ளும் நுண்மயிர் செல்களை உரித்துவிடுவதால், மூக்கிலும் தொண்டையிலும் சும்மா இருந்த பாக்டீரியாக்கள் கீழே இறங்க வழி கிடைக்கிறது. இப்படி இறங்குபவற்றிலும் நிமோகாக்கஸ் முன்னணியில் உண்டு. ஆனால் இந்தச் சூழலில் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸின் பங்கு கூடுகிறது, அது நுரையீரல் திசுவையே அழித்துக் குழிகளை உண்டாக்கக்கூடியது. அதன் சில வகைகள் வெள்ளணுக்களைக் கொல்லும் நச்சையும் சுரக்கும். நோயாளியின் இரத்த அறிக்கையில் வெள்ளணு எண்ணிக்கை 3,100. கடும் தொற்றில் ஏற வேண்டிய எண் இறங்கியிருக்கிறது. அனுபவமில்லாதவர் ‘எண்ணிக்கை கூடவில்லை, நல்லது’ என்று படித்துவிடக்கூடிய இடம் இது. 4,000-க்குக் கீழான வெள்ளணு எண்ணிக்கை, தீவிர சிகிச்சை தேவைப்படுமா என்று பார்க்கும் அமெரிக்க அளவுகோல்களில் ஆபத்துக் குறிகளுள் ஒன்றாகவே வைக்கப்பட்டிருக்கிறது.

இப்போது மூன்று கேள்விகளும் ஒன்றாகச் சேர்கின்றன. மதிப்பெண் வீடு என்கிறது. ஆக்சிஜன் 88, வெள்ளணு 3,100, நோயை வேகமாக மோசமாக்கக்கூடிய கிருமி என மற்ற மூன்றும் வார்டு என்கின்றன. மதிப்பெண் பூஜ்யம் என்பதற்காக அமாக்சிசிலின் மாத்திரை எழுதி அனுப்பினால் தவறு இரட்டிப்பாகிறது. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸில் பெரும்பாலானவை பெனிசிலினைச் சிதைக்கும் நொதியைச் சுரப்பதால் தனி அமாக்சிசிலின் அவற்றிடம் பலிக்காது. சேர்த்து, ஆக்சிஜன் கொடுத்து, இரத்தமும் சளியும் கல்ச்சருக்கு எடுத்து, நிமோகாக்கஸ், ஸ்டெஃபிலோகாக்கஸ் இரண்டையும் தாக்கும் மருந்தைச் சிரை வழியாக முதல் சில மணி நேரத்துக்குள்ளேயே தொடங்க வேண்டும். மெதிசிலின் என்ற மருந்துக்கு அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸ் வகை பரவலாக உள்ள இடமென்றால் வான்கோமைசினோ லினிசோலிடோ சேர வேண்டியிருக்கும்.

மதிப்பெண் எதிர்த்திசையிலும் தவறும். 74 வயதுப் பெண்மணி ஒருவர். நெடுநாள் சிறுநீரக நோயால் அவருடைய யூரியா எப்போதுமே 60-ஐ ஒட்டியிருக்கும், இரத்த அழுத்தமும் வழக்கமாகவே 116/58. இருமலும் காய்ச்சலுமாக நடந்தே வந்திருக்கிறார். மூச்சு 20, ஆக்சிஜன் 96, தெளிவாகப் பேசுகிறார், சாப்பிடுகிறார். வயது, யூரியா, கீழ் இரத்த அழுத்தம் என மூன்று மதிப்பெண். கணக்குப்படி தீவிர நிமோனியா. ஆனால் இந்த மூன்றில் ஒன்றைக்கூட நிமோனியா உண்டாக்கவில்லை. சிறுநீரக நோயே ஆபத்தைக் கூட்டும் என்பதால் உடனே அனுப்பிவிடச் சொல்லமாட்டேன்; ஓர் இரவு வைத்துப் பார்த்து, எண்கள் அவருடைய வழக்கமான நிலையிலேயே நின்றால் மறுநாள் அனுப்பலாம். அதே பெண்மணி நேற்றுவரை தெளிவாக இருந்து இன்று மகளை அடையாளம் காணவில்லை என்றால், காய்ச்சலே இல்லாவிட்டாலும், அந்த ஒரு மதிப்பெண் மற்ற மூன்றையும்விட எடை மிகுந்தது. முதியவர்களிடம் நிமோனியா பல நேரங்களில் இருமலாக வருவதில்லை. தடுமாறி விழுவதாகவும் திடீர்க் குழப்பமாகவுமே வருகிறது.

வீட்டுக்கு அனுப்புவதென்றால் மதிப்பெண்ணோடு வேறு சிலவற்றையும் கேட்டாக வேண்டும். மாத்திரை வயிற்றில் தங்குகிறதா, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா, மூச்சுத்திணறல் கூடினால் இரவில் திரும்பி வர முடியுமா என்பவை எந்த அளவுகோலிலும் இல்லை. இரண்டு நாள் மருந்துக்குப் பிறகும் மாற்றம் இல்லையென்றால் மீண்டும் வரச் சொல்ல வேண்டும்.

சேர்க்கப்பட்ட நம் நோயாளிக்கு மூன்றாம் நாளும் காய்ச்சல் விடவில்லை. மருந்து தோற்றுவிட்டது என்று மாற்றுவதற்கு முன் மார்பை மறுபடி பார்க்க வேண்டிய கட்டம் இது. பார்த்தபோது வலது கீழ்ப்புறத்தில் முதல் நாள் உரக்கக் கேட்ட குரல் மங்கியிருந்தது, கரகர மூச்சொலி மறைந்திருந்தது, தட்டொலி கல்லாகியிருந்தது. கட்டிதட்டிய நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் நடுவே நீர் வந்துவிட்டதற்கான குறிகள் அவை. மூச்சொலி குறைந்ததை ‘மார்பு தெளிகிறது’ என்று எழுதிவிடும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. அல்ட்ராசவுண்ட் நீரைக் காட்டியது. ஊசியிட்டு எடுத்தபோது கலங்கலாக வந்தது, அதன் அமில-கார அளவான பிஎச் 7.1. நிமோனியாவோடு சேரும் நீரில் இந்த அளவு 7.2-க்குக் கீழே இருந்தாலோ வந்தது சீழாகவே இருந்தாலோ, எவ்வளவு நல்ல மருந்தும் தனியாகப் போதாது. குழாய் வைத்து வடித்தாக வேண்டும். சளிக் கல்ச்சரில் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் வளர்ந்தது.

குழாய் வைத்த மறுநாள் காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. அவரை வீட்டுக்கு அனுப்பும் நாளை முடிவுசெய்ய கர்ப்-65 மறுபடி போடப்படவில்லை. அது வந்த நாளுக்கான அளவுகோல். காய்ச்சல் 37.8-க்கு மேல் இல்லை, நாடி 100-க்குள், மூச்சு 24-க்குள், மேல் இரத்த அழுத்தம் 90-க்குக் குறையவில்லை, மனம் தெளிவு, வாயால் உண்ண முடிகிறது, சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 90 அல்லது அதற்கு மேல் என்ற நிலைத்தன்மைக் குறிகள் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கப்பட்டன. வந்த நாளில் இரண்டு அளவுகோல்களிலும் எண்ணப்படாமல் போன ஆக்சிஜனே இந்தப் பட்டியலில் அவருக்குக் கடைசியாக நிறைவேறியது; அதற்காக மட்டும் அவர் கூடுதலாக இரண்டு நாள் வார்டில் இருந்தார்.